"அரைக் குரோஸ்": குரல் பதிவுகளிலேயே நடக்கும் ஒரு சிறுகதை, திருத்த உதவுங்கள்

கரிசல்மகள்:
ஆறு மாதமாக இந்தக் கதையை எழுதி எழுதி அடிக்கிறேன். கதைசொல்லி கிடையாது. வாட்ஸ்அப்பில் இரண்டு கசின்கள் அனுப்பிக்கொள்ளும் குரல் பதிவுகள் மட்டும்தான். செல்வி பெரியப்பா மகள், முருகன் சித்தப்பா மகன். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1996 கோடை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்து எண்ணி, ஆளுக்கொரு அட்டையில் எழுதுவார். யார் சாக்கு எது என்று சொல்வது அப்பத்தா. ஒரு வாரம் செல்வி அட்டையில் அரைக் குரோஸ்தான் விழுகிறது. அப்பாவிடம் அடி. அன்றிலிருந்து சொந்தத்தில் அவளுக்கு அதுவே பட்டப்பெயர். இப்போது செல்வி கோவில்பட்டி தாண்டி வாக்கப்பட்ட ஊரில், முருகன் திருப்பூர் பனியன் கம்பெனியில்.

செல்வி, 2:31
"லே முருகா, அக்கா பேசுதேன். நேத்து கல்யாண வீட்டுல எம்மக முன்னால 'அரைக் குரோஸ் வந்துட்டா'ன்னு சொன்னியே, அது சிரிப்பாலே? அவ வீட்டுக்கு வந்து, 'ஏம்மா உன்னய அப்படிக் கூப்பிடுதாக'ன்னு கேக்கா. நான் என்னன்னு சொல்ல? தொண்ணூத்தாறு மே மாசம், அந்த வாரம் எட்டரைக் குரோஸ் ஒட்டுனேன். அட்டையில அரைன்னு இருந்துச்சு. எங்கப்பா அடிச்ச அடி ஒனக்குத் தெரியும், நீ திண்ணையில நின்னு பாத்த. முப்பது வருசமா நான் கேக்கல. இன்னைக்குக் கேக்கேன். மிச்சம் எட்டு எங்கலே போச்சு?"
(பின்னணியில் குக்கர் விசில். மகள் "யாரும்மா?" என்கிறாள்.)

நான்கு நாள் பதில் இல்லை. அவன் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பதால் கேட்டானா என்றே தெரியவில்லை.

செல்வி, 0:09
"கேட்டியா இல்லியா? அதையாவது சொல்லு."

முருகன், 4:05
"யக்கா, என்னைய மன்னிச்சிரு. நாந்தேன் எடுத்தேன். எங்கப்பா பம்பாயில இருந்து பணம் அனுப்பாத வருசம் அது. அம்மா அரிசிக்கு அலைஞ்சா. அப்பத்தாதேன் சொல்லுச்சு, 'செல்விக்கு அப்பன் இருக்கான், ஒனக்கு யாருடா இருக்கா'ன்னு. ஒன் எண்ணூறு பெட்டியையும் என் அட்டையில எழுத வச்சது அதுதேன். நான் சின்னப்பிள்ள. ஆனாலும் தப்பு தப்புதேன். குற்ற உணர்ச்சியில முப்பது வருசமாச் செத்துக்கிட்டு இருக்கேன்."

செல்வி, 0:21
"சரிலே. விடு. அழாத. பொங்கலுக்கு ஊருக்கு வா."

இவ்வளவுதான். முதல் பதிவு சரியாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. முருகன் பேசத் தொடங்கியதும் கதை செத்துவிடுகிறது. ஏன் என்று சொல்லுங்கள்.

---

மீனாட்சி_மதுரை:
படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது சகோதரி. உங்கள் தம்பியை மன்னித்துவிடுங்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சித்தப்பா மகனோடு ஒரு பட்டா விவகாரம். ஆத்திரத்தில் நான் நாலைந்து குரல் பதிவு அனுப்பினேன். அவன் எல்லாவற்றையும் வைத்திருந்து, ஒரு காதுகுத்தில் பத்துப் பேர் நடுவில் போட்டுக் காட்டினான். நான் அழுதது, திட்டியது எல்லாம் ஸ்பீக்கரில். இன்றுவரை அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம்.

கரிசல்மகள்:
அக்கா, இது கற்பனைக் கதைதான். எனக்கு முருகன் என்று தம்பி யாரும் கிடையாது. ஆனால் உங்களுக்கு நடந்ததைப் படித்து வயிற்றைப் பிசைகிறது.

ஒலிவாங்கி:
நான் வானொலி நாடகத்தில் நிறைய வருடம் இருந்தவன். காதால் கேட்பதைத் தாளில் எழுதும்போது முதலில் மாட்டுவது நேரக்கணக்கு. செல்வியின் முதல் பதிவைச் சத்தமாக வாசித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிதானமாக, மூச்சு விட்டு வாசித்தும் நாற்பத்தைந்து விநாடியைத் தாண்டவில்லை. நீங்கள் 2:31 போட்டிருக்கிறீர்கள். மீதி நூறு விநாடி அவள் என்ன செய்தாள்? முருகனின் 4:05 இன்னும் மோசம், அதுவும் முக்கால் நிமிடப் பேச்சுதான். வாசகர் கடிகாரம் வைத்துப் பார்க்கமாட்டார் என்று நினைக்காதீர்கள். தினமும் இருபது பதிவு கேட்கிறவர்களுக்கு நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உடம்பிலேயே தெரியும்.

ஒன்று, நேரத்தைப் பேச்சுக்குச் சரியாக வையுங்கள். இல்லையென்றால் வேண்டுமென்றே கூட்டி வையுங்கள், ஆனால் அந்தக் கூடுதல் நேரம் கதைக்கு உதவ வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் பேசிய பதிவுக்கு 0:50 என்று இருந்தால், மிச்சம் அவன் பேச முடியாமல் நின்ற நேரம். அதை நீங்கள் எழுதவே வேண்டாம், எண்ணே சொல்லிவிடும். இந்த வடிவத்தில் மௌனத்தை எழுதக் கிடைத்திருக்கும் ஒரே இடம் அதுதான். அதைக் கண்டபடி செலவழித்துவிட்டீர்கள்.

இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் குக்கர் விசில். அதை யார் எழுதினார்கள்? கதைசொல்லி இல்லை என்று சொல்லிவிட்டு அடைப்புக்குறிக்குள் ஒருவரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நாடகத்தில் எங்களுக்கு விசிலையே ஒலிக்கவிட வசதி உண்டு. உங்களுக்கு இல்லை. அதனால் சத்தம் பேச்சுக்குள் வர வேண்டும். "இருலே, குக்கர இறக்கிட்டு வாரேன்" என்று அவள் சொன்னால் போதும்.

வாசகன்77:
அடைப்புக்குறி எனக்கு உறுத்தவில்லை. யாரோ இந்தப் பதிவுகளை எழுத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். எனக்குப் பிடித்த இடமே அந்த நான்கு நாள்தான். நீல டிக்கை அணைத்துவிட்டால் எதிராளி கேட்டாரா என்று தெரியவே தெரியாது. இந்தக் காலத்துக்கான தவிப்பு அது. அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இரவுப்பணி:
@வாசகன்77 எழுத்துச் செய்திக்கு நீங்கள் சொல்வது சரி. குரல் பதிவுக்கு அப்படி இல்லை. டிக் சாம்பலாகவே இருந்தாலும், கேட்டவுடன் பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் படம் நீலமாகிவிடும். அமைப்பில் அணைத்து வைத்தாலும் இதை மறைக்க முடியாது. எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் இதனாலேயே ஒரு சண்டை வந்து, அப்புறம் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தோம். பதிவை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பார்த்தால் எத்தனை மணிக்குக் கேட்டார் என்பதும் தெரியும்.

அதனால் உங்கள் கதையில் செல்விக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கதையின் முடிச்சு அந்த இடத்தில் அவிழ்ந்துவிடுகிறது.

வாசகன்77:
அப்படியா! என் மனைவியிடம் இத்தனை நாள் 'இன்னும் கேக்கல' என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. சரி, கதைக்குத் திரும்புவோம்.

கரிசல்மகள்:
@இரவுப்பணி நான் முடிச்சு என்று நினைத்தது தப்பு என்றதும் முதலில் எரிச்சலாக வந்தது. ராத்திரி யோசித்தால், தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது பெரிய வலி. அவன் கேட்டுவிட்டான், மணி வரைக்கும் அவளுக்குத் தெரியும், ஆனாலும் பதில் இல்லை. அதை எடுத்துக்கொள்கிறேன்.

சாத்தூரான்:
நான் தீப்பெட்டி ஊர்க்காரன். இரண்டு விஷயம். ஒன்று, குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144. எட்டு குரோஸ் என்றால் 1,152 பெட்டி. முருகன் 'எண்ணூறு பெட்டி' என்கிறான். அந்த வேலை செய்த எந்தப் பிள்ளையும் தூக்கத்தில்கூட இதைத் தப்பாகச் சொல்லாது. எங்கள் தெருவில் பெருக்கல் வாய்பாடு வராத பிள்ளைகூட நூற்று நாற்பத்து நான்கின் வாய்பாட்டைச் சொல்லும்.

இரண்டு, 1996-இல் சிறுவர்கள் தீப்பெட்டி வேலை செய்தார்கள் என்று எழுதுவது சரியில்லை. 1986-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

பசை வாசனை ஏன் கதையில் இல்லை? மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். அது விரல் இடுக்கில் காய்ந்தால் உரிக்க உரிக்க வரும்.

கரிசல்மகள்:
எண்ணூறு என் தப்பு, வெட்கமாக இருக்கிறது. சட்டத்தைப் பற்றி: 1986 சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டித் தயாரிப்பில் வைப்பதைத் தடுத்தது உண்மைதான். ஆனால் குடும்பத்தார் துணையோடு வீட்டிலேயே நடக்கும் பட்டறைக்கு அதே சட்டத்தில் விலக்கும் இருந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். என் கதை அதே வருடம் மே மாதம் நடக்கிறது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டியதை யாரும் வேலை என்றே சொல்லவில்லை, 'லீவுல சும்மாதானே இருக்கீக' என்றுதான் சொன்னார்கள்.

சாத்தூரான்:
விலக்கு இருந்தது எனக்குத் தெரியாது. ஆனாலும் படிக்கிறவர்கள் எங்கள் ஊரைத் தப்பாக நினைப்பார்களே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அது போகாது.

பழம்பாடல்:
தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு சொல். 'கசின்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கதைக்குள் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது. பெரியப்பா மகள் அக்காள். அத்தை மகள் என்றால் முறைப்பெண், பகையின் சூடே வேறாகிவிடும். ஒரே அப்பத்தாவின் இரண்டு மகன்வழிப் பேரப்பிள்ளைகள் என்பதால்தான் இந்தக் கதைக்கு வலு. அப்பத்தா எடுத்துக் கொடுத்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, திருட்டு என்று சொல்ல வாய் வராது. அதனால்தான் முப்பது வருடம் கேட்கவில்லை.

அடுத்தது, முருகன் பேசினால் ஏன் கதை சாகிறது என்ற கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்றுக்குப் பக்கத்திலேயே கேட்போர் வருகிறது. யார் பேசுகிறார் என்பதோடு யார் கேட்க என்பதும் சேர்ந்தால்தான் பாட்டு நிற்கும். கொஞ்சம் தள்ளி எச்சம், அதை ஒட்டி முன்னம். சொல்லாமல் விட்டதும், இந்தப் பேச்சு இன்னார் இன்னாரிடம் சொல்லக்கூடியது என்று குறிப்பால் தெரிவதும். அகப்பாட்டில் கதைசொல்லி கிடையாது. ஒருவர் பேசுகிறார், எதிரில் இருப்பவர் அந்தப் பாட்டுக்குள் பதில் பேசுவதில்லை. உங்கள் குரல் பதிவும் அப்படித்தானே? குறுக்கே பேச முடியாது, முடியும்வரை கேட்கத்தான் வேண்டும்.

முருகன் அந்த நான்கு நிமிடத்தில் அக்காளிடம் பேசவில்லை, வாசகரிடம் பேசுகிறான். அம்மா அரிசிக்கு அலைந்தது, சித்தப்பா பணம் அனுப்பாதது, இதெல்லாம் செல்விக்குத் தெரியாதா? ஒரே வீட்டில் வளர்ந்தவள். தெரிந்தவளிடம் தெரிந்ததைச் சொல்கிறான். 'குற்ற உணர்ச்சி' என்ற சொல்லைச் சாத்தூரில் எந்தத் தம்பியும் அக்காளிடம் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்று. அகப்பாட்டில் சிறைப்புறம் என்று ஒரு வழக்கு உண்டு. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்தே தோழி தலைவியிடம் பேசுவாள். பேச்சு ஒருத்திக்கு, சேர வேண்டியது வேறொருவனுக்கு. மீனாட்சி அம்மா ஸ்பீக்கர் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் கதையில் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது யார்?

ஒலிவாங்கி:
ஐயா கேட்டது சரியான கேள்வி. செல்வியை அடித்தவர் அவள் அப்பா. அவர் உயிரோடு இருக்கிறாரா?

கரிசல்மகள்:
நான் யோசிக்கவே இல்லை. இருக்கிறார் என்றால் செல்வி வீட்டில்தான் இருப்பார். அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை.

வாசகன்77:
முருகன் தப்பை ஒப்புக்கொள்வதை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாமல் பகை எப்படித் தீரும்? அப்பத்தா செய்ய வைத்தாள் என்பதும் வேண்டும். இல்லாவிட்டால் அவன் வெறும் திருடனாகிவிடுவான்.

கரிசல்மகள்:
இரண்டு வாரம் ஆகிவிட்டது. சாத்தூரான் பிடித்த அந்த எண்ணில்தான் எனக்கு வழி கிடைத்தது. அவன் 'நாந்தேன்' என்று சொல்ல வேண்டியதில்லை, எண்ணைச் சரியாகச் சொன்னால் போதும் என்று தோன்றியது. அப்புறம், அவள் வைத்திருக்கும் எண்ணே தப்பாக இருந்தால்? புதிய வடிவம். முதல் பதிவில் பேச்சு அப்படியே, அடைப்புக்குறியையும் இடையில் இருந்த கதைசொல்லியையும் எடுத்துவிட்டேன், நேரம் 0:44. அதற்குப் பிறகு:

செல்வி, 0:19
"நாலு நாள் கழிச்சு ராத்திரி ரெண்டே காலுக்குக் கேட்டிருக்க. மைக்கு நீலமாயிட்டு. நானும் முழிச்சுத்தாம்லே கெடந்தேன். அப்பாவுக்கு இருமலு."

முருகன்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி, 0:05
"அழிச்சதுல என்னலே சொன்ன?"

முருகன், 1:38
"யக்கா. மிசினு சத்தம் கேக்கும், கம்பெனி மாடிப்படியில நிக்கேன். பெரியப்பா முழிச்சிருக்காகளா? முழிச்சிருந்தா ஸ்பீக்கர்ல போடு. எட்டு இல்லக்கா. ஒம்பது. வெள்ளிக்கிழம ராத்திரி கரண்டு போயி, அரிக்கேன் வெளிச்சத்துல இன்னொரு குரோஸ் ஒட்டுன. எண்ணாமயே பாயில சாஞ்சிட்ட, கையில பசை காயக்கூட இல்ல. நாந்தேன் எண்ணுனேன். ரெண்டு தடவ எண்ணுனேன், நூத்தி நாப்பத்தி நாலு. மொத்தம் ஒம்பது குரோஸ், பெரியப்பா. ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தாறு பெட்டி."

செல்வி, 0:34
"ஒண்ணுமில்லப்பா, படுங்க."
"யாரு, முருகனா? எத்தனன்னு சொன்னான்?"

சாத்தூரான்:
ஒன்பது நூற்று நாற்பத்து நான்கு 1,296. போட்டுப் பார்த்தேன், சரி. கையில் பசை காயவில்லை என்ற இடத்தில் என் அக்காள் ஞாபகம் வந்துவிட்டது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரவுப்பணி:
நீக்கப்பட்ட இரண்டு பதிவும் நன்றாக வேலை செய்கின்றன. அனுப்பும் முன் இடதுபக்கம் இழுத்து விட்டிருந்தால் தடமே இருந்திருக்காது. அனுப்பிய பிறகு அழித்ததால்தான் தடம் நிற்கிறது. அவன் இரண்டு முறை சொல்லத் துணிந்து பின்வாங்கியது அவளுக்குத் தெரிகிறது.

ஒலிவாங்கி:
1:38-இல் பேச்சு ஏறக்குறைய நாற்பது விநாடி. மிச்சம் மாடிப்படி. கடைசிப் பதிவில் இரண்டு பேச்சும் சேர்ந்து ஐந்து விநாடி வராது. ஒரே ஒரு இடம் இடிக்கிறது. 'பெரியப்பா' என்று முருகன் நேரடியாக விளிக்கிறான். ஸ்பீக்கரில் போடு என்று சொன்ன பிறகு அந்த விளி தேவையா? சிறைப்புறம் என்றால் கடைசிவரை அக்காளிடமே பேச வேண்டாமா?

பழம்பாடல்:
எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் முறை படித்தபோது, அவன் தாங்கமாட்டாமல் வேலியைத் தாண்டிவிடுகிறான் என்று பட்டது. அப்படியே இருக்கலாம். எடுத்தாலும் நஷ்டமில்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாசகன்77:
நல்லாயிருக்கு. ஆனால் அப்பத்தா எங்கே? முருகனுக்காக யார் சாக்கை மாற்றிச் சொன்னார்கள் என்று தெரியாமல் போய்விட்டதே. புதிதாகப் படிக்கிற ஒருவருக்கு அவன் ஏன் எடுத்தான் என்பது புரியாது. பகை தீர்ந்ததா என்பதும் தெரியவில்லை.

கரிசல்மகள்:
அப்பத்தாவை விட எனக்கும் மனசில்லை. ஒரு வாக்கியத்தில் கொண்டுவரப் பார்த்தேன். முருகன் வாயில் வைத்தால் பழியைத் தூக்கிச் செத்தவள் மேல் போடுகிறவனாகிவிடுகிறான். செல்வி வாயில் வைத்தால், தெரிந்துகொண்டே ஏன் தம்பியைக் கேட்டாள் என்று ஆகிவிடுகிறது. அந்த வீட்டில் பெரியப்பா ஒருவருக்குத்தான் அதைச் சொல்லும் உரிமை இருக்கிறது, அவருடைய அம்மா அவள். ஆனால் அவர் இப்போதுதான் கண்ணைத் திறந்திருக்கிறார்.

மீனாட்சி_மதுரை:
அவர் எத்தனை என்று கேட்டாரே, செல்வி திரும்பச் சொன்னாளா, இல்லை பதிவை மறுபடி போட்டுக் காட்டினாளா?

கரிசல்மகள்:
போட்டுக் காட்டினாள் அக்கா. அதை எழுதிவிட்டு எடுத்துவிட்டேன்.